கணவாய்க்கு அப்பால் மருந்து: மலைப்பாதையில் ட்ரோன் மின்கலத்தில் எவ்வளவு மிச்சம் வேண்டும்?

"மலையகத்தில் ஒரு வைத்தியசாலையிலிருந்து, மலைக்கு மேற்கே உள்ள தோட்ட மருந்தகத்துக்கு இன்சுலின் போன்ற குளிர் மருந்துகளை அனுப்பத் திட்டமிடுகிறோம். புறப்படும் இடம் 1,150 மீற்றர் உயரம், மருந்தகம் 1,400 மீற்றர், நடுவில் 1,620 மீற்றரில் ஒரு கணவாய். பாதை 8 கிலோமீற்றர், அதில் கணவாய்வரை 5. எங்கள் ஆறு மோட்டார் ட்ரோன் 1.5 கிலோ சுமையோடு கொழும்பு மைதானத்தில் 30 நிமிடம் நின்று பறந்தது. ஒரே மின்கலத்தில் போய்த் திரும்ப முடியுமா? 20 வீதம் மிச்சம் வைத்தால் போதுமா?"

தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஒரே மின்கலத்தில் போய்த் திரும்ப முடியாது. மருந்தகத்தில் மின்கலத்தை மாற்ற வேண்டும். 20 வீதமும் போதாது. மிச்சத்தை முழுப் பயணத்துக்கும் ஒரே வீதமாக வைப்பதுதான் மலைப்பாதையில் நடக்கும் முதல் பிழை. ஒவ்வொரு இடத்திலும், அங்கே ஏதாவது தவறினால் எங்கே போய் இறங்குவோம் என்ற கேள்விக்கு விடை கண்டு, அந்த இடம்வரை போகத் தேவையானதை மிச்சமாக வைக்க வேண்டும். உங்கள் பாதையில் அப்படிக் கணக்கிட்டால் கணவாயில் பாதிக்குச் சற்று அதிகமாகவும், மருந்தகத்தின் மேல் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவும் மிச்சம் இருக்க வேண்டும் என்று வருகிறது. அந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் அளவீடுகள் மாறினாலும் நீங்களே மீண்டும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் கொழும்பில் செய்த சோதனையைப் பார்ப்போம். உங்கள் அளவுள்ள ட்ரோனில் சட்டமும் மோட்டார்களும் 6 கிலோ, மின்கலங்கள் 5 கிலோ, மருந்துப் பெட்டி 1.5 கிலோ, ஆக 12.5 கிலோ என்று கொள்கிறேன். 22.2 வோல்ட்டில் 22 ஆம்பியர்-மணி கொண்ட இரண்டு மின்கலங்கள் பக்க இணைப்பில் இருந்தால், அட்டையில் எழுதியுள்ளபடி 977 வோட்-மணி வரும். (மின்கட்டணப் பட்டியலில் வரும் ஓர் அலகு 1,000 வோட்-மணி என்பதை நினைவில் வைத்தால் அளவு புரியும்.) சில மாதங்கள் பயன்படுத்திய மின்கலத்தில் அட்டை சொல்வது முழுவதும் கிடைக்காது, ஆகவே 900 என்று எடுக்கிறேன். அரை மணி நேரம் நின்று பறந்தது என்றால், அந்த ட்ரோன் கொழும்பில் ஏறத்தாழ 1,750 வோட் இழுத்திருக்கிறது. இந்த ஓர் எண்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதால், கடிகாரத்தைப் பார்த்து ஊகிக்காமல், பறப்புப் பதிவிலிருந்து மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் இந்த எண் கூடும். கொழும்பின் வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.16 கிலோ எடை இருக்கும். 1,700 மீற்றர் உயரத்தில், காலைக் குளிரிலும், அது 1 கிலோவை ஒட்டியே இருக்கும். நின்று பறக்கத் தேவையான வலு, அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், ஏறத்தாழ 8 வீதம் கூடி 1,890 வோட் ஆகிறது. 12 மீற்றர்/வினாடி போன்ற மிதமான வேகத்தில் பறக்கும்போதும் பல மோட்டார் ட்ரோன்கள் ஏறத்தாழ இதே வலுவைத்தான் எடுக்கின்றன. ஆகவே பயணம் முழுவதற்கும் 1,890 என்றே வைத்துக்கொள்வோம். தாழ்வான பகுதியில் அது சற்றுக் கூடுதலான மதிப்பீடாக இருப்பது நமக்குப் பாதுகாப்பே.

இனிக் கணவாய்வரை உள்ள 5 கிலோமீற்றரை எடுத்துக்கொள்வோம். கணவாய்க்கு மேல் 80 மீற்றர் இடைவெளி வைத்தால் 1,700 மீற்றருக்கு ஏற வேண்டும், அதாவது புறப்படும் இடத்திலிருந்து 550 மீற்றர். இந்த ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கவலைப்படுகிறார்கள். ஆனால் 12.5 கிலோவை 550 மீற்றர் தூக்கும் வேலை 19 வோட்-மணிக்குச் சற்றுக் குறைவு. மோட்டார், சுழல்விசிறி இழப்புகளைச் சேர்த்தாலும் 31 தான். காற்றே இல்லாத நாளில் இந்த 5 கிலோமீற்றரைக் கடக்க 219 செலவாகும். அதில் மெலிந்த காற்றின் பங்கு 16. வைத்தியசாலை கிழக்கிலும் மருந்தகம் மேற்கிலும் இருப்பதால், தென்மேல் பருவத்தில் உங்களுக்கு எதிர்க்காற்று. அது வெறும் 4 மீற்றர்/வினாடி இருந்தாலும் நிலவேகம் 12 இலிருந்து 8 ஆகக் குறைந்து, அதே தூரத்துக்கு 328 தேவைப்படுகிறது. மெலிந்த காற்றுக்கு 16, ஏற்றத்துக்கு 31, எதிர்க்காற்றுக்கு 109: மலைப்பாதையில் மின்கலத்தைத் தின்பது உயரத்தை விடக் காற்றே என்பதை இந்த மூன்று எண்களும் காட்டுகின்றன.

ஏற்றத்தின் செலவு குறைவு என்பது ஒரு நிபந்தனையோடுதான் உண்மை. புறப்பட்ட இடத்திலேயே நேர்மேலே 550 மீற்றர் ஏறிவிட்டுப் பிறகு முன்னே செல்ல வைத்தால், 3 மீற்றர்/வினாடி வேகத்தில் அந்த ஏற்றமே மூன்று நிமிடம் பிடிக்கும்; அவ்வளவு நேரம் ஓரடிகூட முன்னேறாமல் 96 வோட்-மணி வீணாகும். சரிவை ஒட்டி, முன்னே சென்றுகொண்டே ஏறுமாறு வழிப்புள்ளிகளை அமையுங்கள்.

எதிர்க்காற்றின் கதை இதோடு முடிவதில்லை. காற்று மேற்கிலிருந்து வந்தால், நீங்கள் ஏறும் கிழக்குச் சரிவு மலையின் மறைவுப் பக்கம். முகட்டைத் தாண்டிய காற்று அந்தப் பக்கத்தில் கீழ்நோக்கி இறங்கும், சில வேளை சுழலும். 2 மீற்றர்/வினாடி வேகத்தில் கீழிறங்கும் காற்றில் உயரத்தைத் தக்கவைக்க மேலதிகமாக 400 வோட் வரை வேண்டும். கணவாய்க்கு முந்திய ஒன்றரைக் கிலோமீற்றரில் அது 21 வோட்-மணி. கணவாய் என்பது காற்றுக்கும் வாசல் என்பதால், பள்ளத்தாக்கில் 4 ஆக இருந்த காற்று அங்கே 8 ஆகலாம். கடைசி 500 மீற்றருக்கு அதனால் மேலும் 33. எல்லாம் சேர்த்துக் கணவாயை அடையும்போது 413 செலவாகி, 487 மிச்சம் இருக்கும்.

அப்பால் 3 கிலோமீற்றர் இறக்கம். இறங்கும்போது மின்சாரம் மிச்சமாகும் என்று கணக்கில் எழுத வேண்டாம். பல மோட்டார் ட்ரோன் வேகமாகக் கீழிறங்கினால் தன் சொந்தக் கீழ்க்காற்றிலேயே தள்ளாடும், ஆகவே மெதுவாகத்தான் இறக்க வேண்டும். எதிர்க்காற்றோடு இந்தப் பகுதிக்கு 197, தரையிறங்கும் ஒரு நிமிடத்துக்கு 32. மருந்தகத்தில் இறங்கி முடியும்போது 642 செலவாகி, 258 மிச்சம். திரும்பும் பயணம் சுமையில்லாமல், பின்காற்றோடு, கணவாய் ஏற்றத்தையும் சேர்த்து, 258 கேட்கிறது. அதாவது ஒரே மின்கலத்தில் போய்த் திரும்பினால் வைத்தியசாலை மைதானத்தைத் தொடும் கணத்தில் மின்கலம் முழுவதும் தீர்ந்திருக்கும். காற்றே இல்லாத நாளில்கூட 157 தான் மிஞ்சும், அது 17 வீதம். மருந்தகத்தில் மின்னேற்றிய இன்னொரு சோடி மின்கலம் இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொன்னது இதனால்தான்.

பெரிய மின்கலம் போட்டால் தீராதா என்று நீங்கள் கேட்கக்கூடும். வலு, எடையின் ஒன்றரை அடுக்காகக் கூடுகிறது. 2.5 கிலோ எடையுள்ள மூன்றாவது மின்கலத்தைச் சேர்த்தால் ஆற்றல் 50 வீதம் கூடும். ஆனால் 15 கிலோவைத் தாங்கத் தேவையான வலுவும் 31 வீதம் கூடுவதால், பறக்கும் நேரம் 14 வீதம்தான் நீளும். அதோடு கீழிறங்கும் காற்றையும் திடீர் வீச்சையும் எதிர்க்க மோட்டார்களிடம் இருந்த கையிருப்பு வலுவும் குறைந்துவிடும். மலையில் அந்தக் கையிருப்பு பறக்கும் நேரத்தை விடப் பெறுமதியானது.

எடையைக் குறைக்க முடிந்த இடம் மருந்துப் பெட்டி. உங்கள் 1.5 கிலோவில் மருந்து எவ்வளவு, பனிக்கட்டிப் பொதி எவ்வளவு என்று நிறுத்துப் பாருங்கள். இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும் என்பதால், ஒரு நாள் தாங்கும் அளவுக்குப் பனிக்கட்டியை வைப்பது வழக்கம். இந்தப் பறப்பு 19 நிமிடம். முன்னும் பின்னும் காத்திருப்பதையும் சேர்த்து இரண்டு மணித்தியாலத்துக்கான குளிர் போதும். அரைக் கிலோவைக் குறைத்தால் ஒருவழிப் பயணத்தில் ஏறத்தாழ 38 வோட்-மணி மீளும். அதே அளவு ஆற்றலை மின்கலத்தில் கூட்ட அதைவிட நல்ல வழி இல்லை. உறைபெட்டியிலிருந்து எடுத்த பனிப்பொதியை நேரே இன்சுலினோடு வைக்கவே கூடாது, ஏனென்றால் ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது, பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் எப்போதும் முடியாது. பொதியைக் குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஒலி கேட்கும்வரை வெளியே வைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். அல்லது குளிர்ந்த நீர்ப்பொதியையே வையுங்கள். எப்படிச் செய்தாலும் பெட்டிக்குள் வெப்பநிலைப் பதிவி ஒன்று பயணம் செய்ய வேண்டும்.

இனி மிச்சத்துக்கு வருவோம். மருந்தகத்தின் மேல் வந்த பிறகு இறங்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனி இறங்கியிருக்கலாம், இறங்குதளத்தில் பிள்ளைகள் நிற்கலாம். அப்போது ட்ரோன் சுமையோடு இருக்கிறது. திட்டத்தில் எழுதிய சுமையில்லாத திரும்பல் அங்கே பொருந்தாது. சுமையோடு கணவாயைத் தாண்டி வைத்தியசாலைக்குத் திரும்ப 312 வேண்டும். ஒருமுறை இறங்க முயன்றபின் கையில் இருப்பது 258. ஆகவே திரும்பி வருவது என்பது அந்த இடத்தில் ஒரு தெரிவே இல்லை. மலைக்கு அப்பால், மருந்தகத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள், ஒரு மாற்று இறங்குதளம் இருந்தே ஆக வேண்டும். தோட்டத்து விளையாட்டு மைதானம் பெரும்பாலும் அதற்குப் பொருந்தும், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். அங்கே போக எதிர்க்காற்றில் 66, இறங்க 32, ஆக 98. இதற்கு மேல் ஒருபோதும் தொடக்கூடாத அடிமட்டமாக 15 வீதம், அதாவது 135, வைக்கிறேன். மின்கலம் அந்த அளவுக்குக் கீழே போனால் மின்னழுத்தம் திடீரெனச் சரியும், காற்று வீசும் கணத்தில் மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அது தராது. 98 உம் 135 உம் சேர்ந்து 233. அது 26 வீதம். நம்மிடம் இருப்பது 258.

அதிலிருந்து பின்னோக்கி வந்தால் கணவாயின் எண் கிடைக்கிறது. அங்கிருந்து மருந்தகத்துக்கு 197, இறங்க 32, அந்த மிச்சம் 233: மொத்தம் 462. கணவாயில் கையில் இருப்பது 487 என்பதால், 25 வித்தியாசத்தில் போகலாம் என்று வருகிறது. 462 க்குக் கீழே இருந்தால் கணவாயைத் தாண்டாமல் திரும்ப வேண்டும். அங்கிருந்து பின்காற்றோடு சுமையுடன் திரும்ப 196 போதும் என்பதால் அந்த முடிவு பாதுகாப்பானது. தாண்டிய பிறகு மனம் மாறினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே இந்தப் பறப்பில் மனிதர் எடுக்க வேண்டிய ஒரே பெரிய முடிவு கணவாயில்தான் இருக்கிறது.

25 வோட்-மணி என்பது எவ்வளவு மெல்லிய இடைவெளி என்பதையும் பாருங்கள். கணவாயில் எதிர்க்காற்று 8 இலிருந்து 10 ஆனால் நிலவேகம் 4 இலிருந்து 2 ஆகி, கடைசி 500 மீற்றருக்கான செலவு இரட்டிக்கிறது. மேலதிகமாக 66 போய்விடும். 8 மீற்றர்/வினாடிதான் உங்கள் எல்லை. பள்ளத்தாக்கில் நின்று அளந்த காற்று இதற்கு உதவாது. கையடக்கக் காற்றுமானியும் வானொலியும் வைத்திருக்கும் ஒருவரைக் கணவாயில் நிறுத்துங்கள். புறப்படுமுன் பத்து நிமிடம் அவர் அளந்து, மிக வலுத்த வீச்சைச் சொல்லட்டும். மூடுபனி ஏறுவதையும் அவரே முதலில் காண்பார். சரிவுகள் சூடேறி மேகம் மேலெழுமுன், காலையில் முடியும் வகையில் நேரத்தை வையுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் அப்போது பிற்பகலைத் தொடவே வேண்டாம். குளிர்ந்த மின்கலத்தின் உள்தடை கூடும் என்பதால், காலைப் பறப்புக்கு மின்கலத்தை இரவு வீட்டுக்குள் வைத்து, 25 பாகை அளவில் ட்ரோனில் பூட்டுங்கள்.

இவ்வளவு கணக்கையும் ஒரே கணத்தில் வீணாக்கக்கூடியது தானியங்கித் திரும்பல். ஆர்டுபைலட் மென்பொருளில் `RTL` கட்டளை வந்த வழியே திரும்புவதில்லை. நேர்கோட்டில் வீட்டை நோக்கிப் போகிறது. `RTL_ALT` என்பது புறப்பட்ட இடத்திலிருந்து அளக்கப்படும் உயரம். நீங்கள் மாற்றாவிட்டால் அது 15 மீற்றர். மருந்தகத்துக்கு 30 மீற்றர் மேலே நிற்கும் ட்ரோன், வீட்டிலிருந்து ஏற்கெனவே 280 மீற்றர் உயரத்தில் இருப்பதால், மேலும் ஏறத் தேவையில்லை என்று முடிவு செய்து 1,430 மீற்றரில் நேரே கிளம்பும். நேர்கோடு கணவாய் வழியாகப் போகாது, அதைவிட உயர்ந்த முகட்டின் வழியாகவே போகும்; ட்ரோன் மலைச்சரிவில் மோதும். நான் சில ஆண்டுகளுக்கு முன் மலையகத்தில் உதவிய ஒரு நில அளவைப் பறப்பில் இதே பிழை இருந்தது. முதல் நாள் இரவு கணினியில் போலிப்பறப்பாக ஓட்டிப் பார்த்தபோது கோடு மலைக்குள் புகுந்ததைக் கண்டுதான் நாங்கள் தப்பினோம்.

`RTL_ALT` ஐ முகட்டுக்கு மேல் உயர்த்துவது தீர்வு போலத் தோன்றும். ஆனால் மருந்தகப் பக்கத்தில் அந்த ஏற்றத்துக்கும் திரும்பலுக்கும் மின்சாரம் இல்லை என்று மேலே கண்டோம். சரியான வழி, மலைக்கு அப்பால் மாற்று மைதானத்தை ஒதுங்குபுள்ளியாக, அதாவது `Rally` புள்ளியாக, பதிவு செய்வது. அப்போது திரும்பல் கட்டளை வீட்டுக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையில் அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கும். அருகில் என்பதும் நேர்கோட்டுத் தூரம்தான் என்பதை மறக்க வேண்டாம்: கணவாயின் கிழக்கே கடைசிக் கிலோமீற்றரில் நிற்கும் ட்ரோனுக்கு, மலைக்கு அப்பாலுள்ள புள்ளி அருகிலிருப்பதாகத் தோன்றலாம். ஆகவே ஏறும் சரிவின் நடுப்பகுதியிலும், கணவாய்க்குக் கீழே, இன்னொரு ஒதுங்குபுள்ளியை வைத்து, எந்த இடத்தில் நின்றாலும் தேர்ந்தெடுக்கப்படும் கோடு முகட்டைக் கடக்காதபடி போலிப்பறப்பில் சோதியுங்கள். மேலே கண்ட கணக்கின்படி மின்கல அமைப்புகள் இவை:

```
BATT_CAPACITY   40500
BATT_LOW_MAH    10500
BATT_FS_LOW_ACT 2
BATT_CRT_MAH    6100
BATT_FS_CRT_ACT 1
```

முதல் வரி அட்டையிலுள்ள 44,000 அல்ல, நாம் நம்பும் 900 வோட்-மணியை 22.2 வோல்ட்டால் வகுத்தது. இரண்டாவது, மருந்தகத்தின் மேல் இருக்க வேண்டிய 233. அதற்குக் கீழே போனால் ட்ரோன் ஒதுங்குபுள்ளிக்குப் போகும். நான்காவது, 135 என்ற அடிமட்டம். அங்கே நின்ற இடத்திலேயே இறங்கும். கணவாய்க்கான 462 ஐ மென்பொருள் கவனிக்காது. திரையில் செலவான அளவு 19,700 மில்லி ஆம்பியர்-மணியைத் தாண்டியிருந்தால் இயக்குநர்தான் திருப்ப வேண்டும்.

80 மீற்றர் இடைவெளி ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் பயன்படுத்தும் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து அளந்தது; 30 மீற்றர் சதுரத்துக்கு ஓர் உயரம் தருவதால் கூரிய முகடு அதில் மழுங்கித் தாழ்ந்து தெரியும், அதற்குப் பின் வளர்ந்த யூகலிப்டஸ் மரமும் அதில் இல்லை. ஆர்டுபைலட்டின் நிலவுயரக் கட்டம் இயல்பாக 100 மீற்றர் இடைவெளியில் இருப்பதால் மேலும் மழுங்கும். மின்கம்பிகள் எந்தத் தரவிலும் இல்லை. லக்சபான, கொத்மலைப் பக்கங்களிலிருந்து வரும் உயரழுத்தக் கம்பிகள் பள்ளத்தாக்குகளைக் குறுக்கே கடக்கும்போது, நடுவில் நிலத்திலிருந்து மிக உயரத்தில், கண்ணுக்கும் எளிதில் தெரியாமல் தொங்குகின்றன. பாதையை ஒருமுறை நடந்து பார்த்து, கம்பியைக் கடக்க வேண்டிய இடத்தில் கோபுரத்துக்கு நேர்மேலாகக் கடக்குமாறு வழிப்புள்ளியை நகர்த்துங்கள். கம்பியின் உயரம் உறுதியாகத் தெரிவது அங்கே மட்டும்தான்.

கண்பார்வைக்கு அப்பால் பறப்பதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் தனி அனுமதி வேண்டும். விண்ணப்பத்தோடு மேலேயுள்ள கணக்கையும், கணவாயில் நிற்பவரின் பொறுப்பையும், இரண்டு ஒதுங்குபுள்ளிகளையும் வரைபடத்தில் குறித்து இணையுங்கள். முதல் ஐந்து பறப்புகளை மருந்தில்லாமல், அதே 1.5 கிலோ எடையுள்ள நீர்ப்போத்தல்களோடு செய்து, ஒவ்வொரு முறையும் கணவாயில் செலவான அளவை எழுதுங்கள். என் 413 க்கும் உங்கள் எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்த பிறகு 462 ஐத் திருத்துங்கள்.